சதுரமும் ஆவர்த்தனமும்: இசைவழி வடிவ அசைவூட்டத்தில் ஒத்திசைவு என்னும் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

உருவங்களைச் சாராமல், சதுரம், வட்டம், கோடு ஆகிய வடிவங்களை மட்டும் கொண்டு ஓர் இசைப் பகுதிக்கு ஏற்ப இயங்கும் அசைவூட்டப் படங்களை மதிப்பிடும்போது, 'இசையைக் காட்சியாக மொழிபெயர்த்தல்' என்னும் தொடர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. இத்தொடர் எதையும் அளப்பதில்லை என்பதை இஷு பட்டேலின் 'பெர்ஸ்பெக்ட்ரம்' (1975) படத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அதன்பின் நாகசுர மல்லாரியைப் புள்ளிக்கோலத்தின்மேல் இயக்கிப் பார்ப்பதன்வழி வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வடிவ அசைவூட்டம், பெர்ஸ்பெக்ட்ரம், மல்லாரி, திரிகாலம், ஆதி தாளம், புள்ளிக்கோலம்

ஒத்திசைவு என்பது யாருடைய வேலை

அமெரிக்கரான ஜேம்ஸ் விட்னி 1957இல் முடித்த 'யந்திரா' என்னும் படம் புள்ளிகளால் மட்டுமே ஆனது. அது ஒலியின்றி உருவாக்கப்பட்டது. பின்னாளில் ஹெங்க் பாடிங்ஸ் என்னும் டச்சு இசையமைப்பாளரின் மின்னணு இசை அதனோடு சேர்க்கப்பட்டது. இந்த வரலாற்றை அறியாமல் படத்தைப் பார்ப்பவர், இசை முன்னர் இருந்தது என்றும் புள்ளிகள் அதற்கு விடையிறுக்கின்றன என்றும் நம்புவதில் வியப்பில்லை. ஒலியும் காட்சியும் ஒரே கணத்தில் நிகழுமானால் அவ்விரண்டையும் ஒரே நிகழ்ச்சியாக மனம் பிணைத்துவிடுகிறது. பிரெஞ்சுத் திரைப்படக் கோட்பாட்டாளர் மிஷேல் சியோன் இப்பிணைப்பிற்குத் தனிப் பெயரிட்டு விளக்கியுள்ளார். ஒரே காட்சித் துண்டிற்கு வெவ்வேறு இசைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் பயிற்சி ஒன்றையும் அவர் பரிந்துரைத்தார். எந்த இசையைப் பொருத்தினாலும் சில இடங்கள் பொருந்திவிடுகின்றன என்பதே அப்பயிற்சி தரும் முதற்பாடம்.

எனவே 'படம் இசையோடு இயைந்து செல்கிறது' என்னும் கூற்று படைப்பாளியின் திறனைப் பற்றிச் சொல்வதைவிடப் பார்வையாளரின் காது, கண் ஆகியவற்றின் இயல்பைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இசையின் எந்தக் கூறு படத்தில் இடம்பெற்றுள்ளது? அக்கூறு இல்லாத மற்றோர் இசையைப் பொருத்தினால் படத்தில் எது உடைகிறது? எதுவும் உடையவில்லை என்றால் இசை அங்கே பின்னணி மட்டுமே. படம் எவ்வளவு அழகாயினும் இம்முடிவு மாறாது.

பெர்ஸ்பெக்ட்ரம்: தட்டையான அட்டைகளும் மீட்டப்படும் நரம்பும்

இந்தியக் கலைஞர்களின் வடிவ அசைவூட்டங்களில் இக்கேள்வியை நேரே எழுப்புவது பெர்ஸ்பெக்ட்ரம். குஜராத்தில் பிறந்த இஷு பட்டேல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய பின் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். 1977இல் வெளிவந்த 'பீட் கேம்' என்னும் பாசிமணிப் படத்தால் அவர் பரவலாக அறியப்பட்டார். அதில் மணிகள் உயிரினங்களாக உருமாறி ஒன்றையொன்று விழுங்குகின்றன. ஆகவே கதையின் நிழல் அதில் உண்டு. இரண்டாண்டு முந்திய பெர்ஸ்பெக்ட்ரத்தில் அந்த நிழலும் இல்லை. சீட்டுக்கட்டின் அட்டைகளைப் போல் மெல்லிய, தட்டையான வடிவங்கள் கூடுகின்றன, கலைகின்றன, மீண்டும் கூடுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் நிறம் மாறுகிறது. தட்டையான தளங்களே ஆழம் உள்ளவைபோலத் தோற்றம் காட்டுகின்றன. உடன் ஒலிப்பது பதின்மூன்று நரம்புகள் கொண்ட ஜப்பானிய இசைக்கருவியான கோட்டோ.

கோட்டோவைத் தேர்ந்ததில் நுட்பமான பொருத்தம் ஒன்றுண்டு. மீட்டுக் கருவியில் ஒவ்வொரு சுரத்திற்கும் கூர்மையான தொடக்கமும் படிப்படியாக அடங்கும் வாலும் இருக்கின்றன. முந்திய சுரத்தின் வால் அடங்கு முன்னரே அடுத்த சுரம் பிறந்துவிடுவதால் ஒரு சுரம் மற்றொன்றின்மேல் படிகிறது. அட்டைகளின் படிவும் அதைப் போன்றதே. விளிம்பு கூர்மையாகத் தொடங்குகிறது. உள்ளே நிறம் மற்றொன்றோடு கலக்கிறது. ஒவ்வொரு மீட்டலுக்கும் ஓர் அசைவு என்னும் எளிய கணக்கைக் கைவிட்டு, சுரங்கள் ஒன்றோடொன்று உறவாடும் முறையைப் படம் எடுத்துக்கொள்கிறது. அட்டைகள் தொடர்ந்து நழுவிச் செல்லும் இயக்கத்தில் தாளக்கட்டை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். சுரங்களின் படிவைக் கேட்பவருக்கு அதன் பார்வை வடிவம் கிடைக்கும்.

ஆயினும் இப்படத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதன் அமைப்பு பெரிதும் சமச்சீரானது. இடப்புறம் நிகழ்வது வலப்புறமும் நிகழ்கிறது. மேலே விரிவது கீழேயும் விரிகிறது. இசை காலத்தில் ஒரு திசையில் மட்டுமே செல்வது. அதற்கு இடமும் வலமும் இல்லை. முன்னும் பின்னுமே உண்டு. ஆகவே சமச்சீர் என்பது இசையிலிருந்து வந்ததன்று, கண்ணின் வசதிக்காக வடிவக் கலை தன் பங்கிற்குச் சேர்த்தது. கலைடாஸ்கோப்பைப் பார்க்கும் அமைதியை அது தருகிறது; இசை எங்குச் செல்கிறது என்னும் பதற்றத்தை அது தருவதில்லை. இவ்வேறுபாட்டை முழுமையாக உணர, இசையே இல்லாத படம் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஓவியர் அக்பர் பதம்சி பம்பாயில் 1970ஐ ஒட்டி உருவாக்கிய 'சிஜிஜி' பதினொரு நிமிட மௌனப்படம். கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே கொண்ட அப்படத்தில் அடுத்த கோடு எங்கே முளைக்கும் என்னும் எதிர்பார்ப்பு உள்ளது. இசை இல்லாத படத்தில் இசைத்தன்மை மிகுந்திருப்பது திறனாய்வுக்குச் சற்று இடையூறான உண்மைதான்.

கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுதல் எவ்வாறு இயலும் என்பதற்கு நார்மன் மெக்லாரனும் கிராண்ட் மன்றோவும் 1964இல் இயக்கிய 'கேனன்' தெளிவான சான்று. ஒரே மெட்டை ஒருவர் தொடங்க, சிறிது இடைவெளிவிட்டு அடுத்தவர் அதையே தொடங்கும் மேற்கத்திய இசைவகையை, கட்டங்கள் வரைந்த பலகையில் நகரும் எழுத்துக் கட்டைகளைக் கொண்டு அப்படம் காட்டுகிறது. வேறு இசையைப் பொருத்தினாலும், ஒரே அசைவு இடைவெளிவிட்டுத் திரும்ப வருகிறது என்பதை அதில் கண் அறிந்துகொள்ளும்.

மல்லாரி என்னும் சோதனைக்களம்

தமிழ்நாட்டு இசையில் இத்தகைய சோதனைக்கு மிகப் பொருத்தமானது மல்லாரி. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் முதலில் ஒலிப்பது அது. பாடற்சொற்கள் அற்றது; ச, க, ம, ப, நி என்னும் ஐந்து சுரங்களே கொண்ட கம்பீர நாட்டையில் அமைந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து பசுமலை வழியாக மதுரைக்குள் செல்லும் சாலையையொட்டி வாழ்பவர்களுக்கு இதன் ஒலி திருவிழாவின் தொடக்கத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. சொற்கள் இல்லாததால் படத்தில் உருவங்களைப் புகுத்தும் தூண்டுதல் இல்லை. மேலும், ஒரே அமைப்பை மூன்று காலங்களிலும் பின்னர்த் திஸ்ரத்திலும் வாசிக்கும் மரபு அதற்கு உண்டு. அதாவது, மல்லாரி தன்னளவிலேயே ஒரு வடிவத்தை விகிதம் மாற்றிக் காட்டும் கலை.

முப்பத்திரண்டு சுரங்கள் கொண்ட, ஆதி தாளத்தில் அமைந்த ஓர் எளிய மல்லாரியைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதற்காலத்தில் ஓர் அட்சரத்திற்கு ஒரு சுரம். ஆகவே முழு அமைப்பும் நான்கு ஆவர்த்தனங்களில் முடியும். இரண்டாங்காலத்தில் இரண்டு ஆவர்த்தனம், மூன்றாங்காலத்தில் ஒன்று. திஸ்ரத்தில் அட்சரத்திற்கு மூன்று சுரங்கள். முப்பத்திரண்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. எனவே அமைப்பு ஆவர்த்தனத்தின் நடுவில் முடிந்து, நடுவிலேயே மீண்டும் தொடங்குகிறது. மூன்று முறை வாசித்த பின்னரே, நான்கு ஆவர்த்தனங்களின் முடிவில், அமைப்பும் தாளமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கேட்பவர் இதை ஒரு வகை நிம்மதியாக உணர்வார். காரணத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வடிவ அசைவூட்டத்தால் செய்யக்கூடிய பயனுள்ள பணி இங்கேதான் இருக்கிறது.

தாளத்திற்கு வடிவம் தருவதற்கு மூன்றுக்கு மூன்று புள்ளிக்கோலம் போதும். ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளியை விட்டால் சுற்றிலும் எட்டுப் புள்ளிகள் எஞ்சும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் அவை. மேல் இடது மூலையில் தொடங்கி வலஞ்சுழியாகச் சென்றால், முதல் தட்டு அம்மூலையில் விழும். அதைத் தொடர்ந்து சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கைகள். ஐந்தாம் அட்சரத்தின் தட்டு நேர் எதிர்மூலையிலும் ஏழாம் அட்சரத்தின் தட்டு கீழ் இடது மூலையிலும் விழும். மேல் வலது மூலையில் மட்டும் தட்டு இல்லை. அங்கே வருவது மோதிரவிரல்.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சதுரத்தின் நான்கு மூலைகளும் கண்ணுக்குச் சமமானவை, தாளத்திற்கு அவ்வாறில்லை. நான்கு, இரண்டு, இரண்டு எனப் பிரியும் ஆதி தாளத்தை, இரண்டிரண்டாகப் பிரியும் சதுரம் பொய்யாகக் காட்டிவிடுகிறது. பெர்ஸ்பெக்ட்ரத்தைக் குறித்துக் கூறப்பட்ட சமச்சீர்ச் சிக்கல் இங்கே எண்ணிக்கையளவில் வெளிப்படுகிறது. தட்டு விழும் மூன்று மூலைகளில் புள்ளி நிறைந்தும், மோதிரவிரலின் மூலையில் வெற்று வளையமாகவும் காட்டினால் சதுரம் தாளமாகிறது. அவ்வாறு செய்யாத படத்தைப் பார்த்து ஒருவர் தாளம் போட முயன்றால் அவருடைய கை மூன்றாம் அட்சரத்தில் தவறாகத் தட்டும். படத்தின் ஒலியை நிறுத்திவிட்டு, தாளம் அறிந்த ஒருவரை அதைப் பார்த்துத் தாளம் போடச் சொல்வது இதற்கான நேரடிச் சோதனை.

நொடிக்கு 24 சட்டகங்கள்

வடிவம் முடிவானபின் காலக் கணக்கு வருகிறது. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள். அட்சரம் சரியாக ஒரு நொடியாக இருந்தால் கணக்கு மிக எளிது: முதற்காலத்தில் ஒரு சுரத்திற்கு 24 சட்டகம், இரண்டில் 12, மூன்றில் 6, திஸ்ரத்தில் 8. கண்ட நடையில் மட்டும் 4.8 எனப் பின்னம் வரும். ஆனால் நாகசுரக்காரர் நொடிமுள்ளைப் பார்த்து வாசிப்பதில்லை. அட்சரம் 0.9 நொடியாக அமைந்தால் அது 21.6 சட்டகம். பலர் இதை 22 என முழுமையாக்கி அதையே அடுக்கிக்கொண்டு செல்வர். ஓர் ஆவர்த்தனம் முடியும்போது 172.8 சட்டகத்தில் வர வேண்டிய சமம் 176இல் வரும். எட்டு ஆவர்த்தனங்களின் முடிவில் படம் 25 சட்டகங்களுக்கு மேல், அதாவது ஓர் அட்சரத்திற்கும் கூடுதலாகப் பின்தங்கியிருக்கும். அதன்பின் மூலைகள் அனைத்தும் ஒரு புள்ளி தள்ளி விழும்.

இதற்குத் தீர்வு, இடைவெளியை முழுமையாக்காமல் தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட இடத்தை முழுமையாக்குவதே:

```
சட்டகம் = round(n × 0.9 × 24)
```

இவ்வாறு கணக்கிட்டால் முதல் ஆவர்த்தனத்தின் அட்சரங்கள் 22, 21, 22, 21, 22, 22, 21, 22 சட்டகங்களாக அமையும். ஒன்றுகூட உண்மையான இடத்திலிருந்து அரைச் சட்டகத்திற்கு மேல் விலகாது. கண்ட நடையின் பின்னத்திற்கும் இதே வழிதான். நேரடிப் பதிவில் காலப்பிரமாணம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால், 0.9 என்னும் ஒரே எண்ணை நம்புவதும் இறுதியில் பிழையாகும். சுவாமியைச் சுமப்போரின் நடையோடு சேர்ந்து செல்லும் வாசிப்பு ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் விரைந்தும் வரும். அப்போது ஒவ்வொரு தட்டையும் ஒலித்தடத்தில் கேட்டு, அதன் சட்டக எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளும் பழைய முறைக்கு மாற்று இல்லை.

பிழை எப்பக்கம் விழலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒலி படத்திற்கு முந்தினால் ஏறக்குறைய 45 மில்லிநொடியிலேயே மக்கள் அதை உணர்ந்துவிடுகின்றனர். ஒலி பிந்தினால் 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. ஒளிபரப்புத் துறைக்கான பன்னாட்டுப் பரிந்துரையில் இடம்பெற்ற அளவுகள் இவை. சட்டகக் கணக்கில் சொன்னால், படம் பிந்துவதற்கு ஒரு சட்டகமே இடம். முந்துவதற்கு மூன்று சட்டகம் வரை இடம் உண்டு. ஐயம் எழும்போது வடிவத்தை ஒரு சட்டகம் முன்னதாக வைப்பதே நன்று. மின்னல் முந்தி இடி பிந்திக் கேட்டுப் பழகிய கண்ணும் காதும் அதைப் பொறுத்துக்கொள்கின்றன.

காலம் இரட்டிக்கும்போது கோடு என்ன ஆக வேண்டும்

புள்ளிகள் தாளத்தைக் காட்ட, அவற்றினூடே செல்லும் சிக்குக்கோட்டை மல்லாரியின் சுரங்களுக்கு உரியதாக்கலாம். சுரத்திற்கு ஒரு வளைவு என முப்பத்திரண்டு வளைவுகளில் கோலம் முடிவடையும். இரண்டாங்காலம் வந்ததும் படைப்பாளி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கோட்டின் வேகத்தை மாற்றாமல் கோலத்தைப் பாதி அளவாகச் சுருக்கலாம். அளவை மாற்றாமல் வேகத்தை இரட்டிக்கலாம். முதல் வழி கணக்கிற்கு அழகானது. ஆனால் மல்லாரி காலம் ஏறும்போது செறிவும் எழுச்சியும் கொள்கிறது. திரையில் கோலம் சுருங்கினால் இசை தொலைவிற்குச் செல்வதுபோல் தோன்றும். மேலும், காலம் மாறும்போது சுரங்களின் தானம் மாறுவதில்லை. அவற்றின் கால அளவு மட்டுமே மாறுகிறது. தானத்திற்கு இடமும் கால அளவிற்கு வேகமும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டாம் வழியே இசைக்கு உண்மையானது.

அதற்குரிய தொழில்நுட்ப இடர் மூன்றாங்காலத்தில் வெளிப்படும். ஒரு வளைவின் நீளம் திரையில் 360 படப்புள்ளி எனக் கொண்டால், முதற்காலத்தில் கோட்டின் முனை சட்டகத்திற்கு ஏறக்குறைய 17 படப்புள்ளி நகரும், மூன்றாங்காலத்தில் 67. அவ்வளவு தாவலில் முனை நகர்வதாகத் தோன்றாது. இங்கும் அங்கும் துள்ளுவதாகத் தோன்றும். ஒரு பந்தோ அட்டையோ இயங்கும் படத்தில் இது கடுமையான குறை. கோலத்தில் இக்குறை தானே தணிகிறது, ஏனெனில் இழுத்த கோடு இழுத்த இடத்தில் நிற்கிறது. முனை தாவினாலும் அதன் பின்னுள்ள தடம் தாவலை நிரப்பிவிடுகிறது. மல்லாரிக்குக் கோலத்தைத் தேர்வது மண்மணத்திற்காக என்று கருதத் தேவையில்லை. இந்தக் காரணமே போதும்.

திஸ்ரத்தில் கோலம் ஆவர்த்தனத்தின் நடுவில் முடிந்து மீண்டும் தொடங்கும். முதற்சுற்று மேல் இடது மூலையிலிருந்து புறப்பட்டால், இரண்டாம் சுற்று அடுத்த ஆவர்த்தனத்தின் மூன்றாம், நான்காம் அட்சரங்களுக்கு இடையில் புறப்படும். மூன்றாவது வேறோர் இடைவெளியிலிருந்து. சுற்றின் தொடக்கம் புள்ளிகளுக்கு நடுவே தொங்கி நிற்பதைக் கண் காண்கிறது. மூன்றாம் சுற்று முடிந்து கோடு மீண்டும் மூலையில் வந்து விழும் கணத்தில், காது மட்டும் அறிந்திருந்த நிம்மதியைக் கண்ணும் அறிகிறது. வேறோர் இசையை இதற்குப் பொருத்தினால் அந்தக் கணம் பொருளற்றுப் போகும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு அதுவே விடை.

நிறத்தின் மீது வைக்கும் சுமை

சுரத்திற்கு ஒரு நிறம் என அட்டவணை வகுக்கும் ஆசை பழையது. கம்பீர நாட்டைக்கு ஐந்து சுரங்களே என்பதால் ஐந்து நிறங்கள் போதும் என்று தோன்றும். மூன்றாங்காலத்தில் நொடிக்கு நான்கிற்கு மேற்பட்ட சுரங்கள் வருகின்றன. திரை முழுதும் அத்தனை முறை ஒளி மாறி நிறம் மாறினால், நொடிக்கு மூன்று மினுக்கல்களுக்கு மேல் கூடாது என்னும் பாதுகாப்பு வரம்பை மீறும் வாய்ப்புண்டு. ஒளியால் வலிப்பு தூண்டப்படுவோருக்கு அது தீங்கு. உடல்நலத்தை விட்டுவிட்டாலும், அவ்வேகத்தில் ஐந்து நிறங்களும் கலந்து மங்கலாகிவிடுவதால் அட்டவணையைப் படிக்க எவராலும் இயலாது. நிறம் மெதுவாக மாறும் பொருளுக்கே ஏற்றது. காலத்திற்கு ஒரு நிறம், திஸ்ரத்திற்கு மற்றொன்று என வைத்தால், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அது சொல்லும். பெர்ஸ்பெக்ட்ரத்தில் நிறம் சுரத்தின் பெயராக நிற்காமல் படிவின் விளைவாகவே பிறக்கிறது. இவ்வகையில் பட்டேலின் தேர்வு இன்றும் பின்பற்றத்தக்கது.

பட்டேலிடமிருந்து எடுத்துக்கொள்ள இயலாததும் உண்டு. கோட்டோவின் ஒரே மீட்டலில் தொடக்கமும் வாலும் இணைந்திருந்தன. நாகசுரத்தில் அவை இரு கருவிகளுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன: கூர்மையான தொடக்கம் தவிலுக்கு உரியது, அடங்காமல் நீளும் ஒலி நாகசுரத்திற்கு உரியது. ஒலியின் உரப்பை அளந்து அதற்கேற்ப வடிவத்தைப் பெருக்கிச் சுருக்கும் கணினி நிரல்கள் இங்கே தோல்வியடைவது இதனாலேயே. நாகசுரமும் தவிலும் ஒத்தும் சேர்ந்து ஒலிக்கும் பதிவில் உரப்பு ஏறக்குறைய எப்போதும் உச்சத்தில் இருப்பதால், வடிவம் வீங்கிய நிலையிலேயே நின்றுவிடும். தவிலைத் தனியாகவும் நாகசுரத்தைத் தனியாகவும் பதிவு செய்து, முன்னதைப் புள்ளிகளுக்கும் பின்னதைக் கோட்டிற்கும் அளித்தால் இச்சிக்கல் பெருமளவு தீரும். ஊர்வலத்தில் பதிவான ஒற்றைத் தடத்தில் அதற்கு வாய்ப்பில்லை. கையால் குறிப்பதுதான் அங்கும் வழி.

இம்முறை முழுவதும் அட்சரத்தை நம்பியது என்பதால் ஆலாபனைக்கு முன் அது நின்றுவிடுகிறது. ஆலாபனையில் எண்ணத்தக்க அட்சரம் இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கமகத்தின்வழி வழுக்கிச் செல்லும் குரலோ குழலோதான் உண்டு. புள்ளிகளை அகற்றிக் கோட்டை மட்டும் விட்டால் அது சுருதியின் வரைபடமாகச் சுருங்கிவிடும். புள்ளிகளை வைத்திருந்தால் இல்லாத தாளத்தைத் திணித்ததாகும்.